முதல் நாள் பெட்டி: வீடு மாறும்போது அதில் நேரும் தவறுகள்

புது வீட்டுக்குப் போய் இறங்கும் முதல் இரவில் படுக்கவும், குளிக்கவும், ஒரு வாய் காபி குடிக்கவும், மறுநாள் காலை மற்ற பெட்டிகளைப் பிரிக்கத் தொடங்கவும் தேவையான பொருள்களைத் தனியே எடுத்துவைக்கும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் கல்யாண வீட்டுப் பொருள் வந்துவிடும் என்பதால், எங்கள் வீட்டில் இதை ‘முதல் நாள் பெட்டி’ என்று அழைக்கிறோம். மூன்று முறை வீடு மாறியதில் நான் கண்டது என்னவென்றால், இந்தப் பெட்டி கைகொடுக்காமல் போவதற்கு அதில் ஏதோ ஒரு பொருள் விடுபட்டது காரணமாக இருப்பது குறைவு. தேவைப்படும் நேரத்தில் பெட்டி வேறெங்கோ இருப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

முதல் முறை, திருச்சியிலிருந்து சென்னைக்கு வந்தபோது, எங்கள் பெட்டியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஜமக்காளம், போர்வை, சோப்பு, பேஸ்ட், கெட்டில், டார்ச், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் இருந்தன. சாமான் ஏற்ற வந்தவர்கள் காலை எட்டு மணிக்கு வேலையைத் தொடங்கி, கண்ணில் பட்டதையெல்லாம் அட்டைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டிக்கொண்டே போனார்கள். கூடத்தின் மூலையில் நான் வைத்திருந்த பெட்டியும் அந்த வேகத்தில் முதல் சுற்றிலேயே லாரிக்குள், ஓட்டுநர் அறையை ஒட்டிய சுவரோரம் போய்ச் சேர்ந்தது. நாங்கள் காரில் இரவு எட்டு மணிக்குச் சென்னை வந்துவிட்டோம். பகலில் கனரக வண்டிகள் நகருக்குள் வர நேரக் கட்டுப்பாடு உண்டு என்பதாலும், எங்கள் குடியிருப்பில் இரவு நேரத்தில் சாமான் இறக்க அனுமதி இல்லை என்பதாலும், லாரி மறுநாள்தான் வாசலுக்கு வந்தது. வந்த பிறகும், முதலில் ஏற்றியது கடைசியில்தான் இறங்கும் என்ற லாரியின் கணக்குப்படி, முதல் நாள் பெட்டி எங்கள் கைக்குக் கிடைத்தபோது பிற்பகல் மூன்று மணி. அந்த இரவைத் தெருமுனை மளிகைக் கடையில் வாங்கிய மெழுகுவத்தியோடும், செய்தித்தாள் விரித்த தரையிலும் கழித்தோம். சம்பிரதாயத்துக்குக் காய்ச்ச வேண்டிய பால் பாக்கெட்டிலேயே இருந்தது. காய்ச்ச ஒரு பாத்திரம் வீட்டில் இல்லை.

ஆகவே பெட்டியை லாரியில் ஏற்றுவதையே முதல் தவறாகக் கொள்ள வேண்டும். அது நாம் போகும் வண்டியில், கார் இல்லாவிட்டால் ஆட்டோவில் நம் காலடியில், வெளியூர்ப் பயணமானால் ரயிலில் நம் பெட்டிகளோடு வர வேண்டும். சாமான் ஏற்றுபவர்கள் வருவதற்கு முன்பே அதைக் காரின் டிக்கியில் வைத்துப் பூட்டிவிடுவது நல்லது. கார் இல்லாதவர்கள் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்தி, அதில் ஒரு தாள் ஒட்டலாம். “இதைத் தொடாதீர்கள்” என்று வாயால் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும் என்று எண்ணக் கூடாது, ஏனென்றால் வேலைக்கு வரும் நால்வரில் அதைக் கேட்டவர் ஒருவராகத்தான் இருப்பார். மேலும், மற்ற ஐம்பது பெட்டிகளைப் போன்ற பழுப்பு நிற அட்டைப் பெட்டி இதற்கு ஆகாது. மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவோ, நிறத்தால் சட்டென்று தெரியும் பழைய சூட்கேசோ போதும்.

அடுத்த தவறு, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைக்க முயல்வது. நான்கு பேருக்கான படுக்கையே ஒரு பெட்டியை நிரப்பிவிடும். அதன் மேல் தேங்காய் எண்ணெய்ப் புட்டியையும் ஷாம்புவையும் வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நான் இப்போது இதை மூன்றாகப் பிரித்துவிடுகிறேன். ஜமக்காளம் இரண்டு, போர்வை நான்கு, கோரைப் பாய் ஒன்று ஆகியவற்றைச் சுருட்டிக் கயிற்றால் கட்டிய ஒரு சுருள், குளியல் சாமான்கள் மொத்தமும் ஒரு வாளிக்குள், மற்றவை பெட்டியில். வாளியைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். சோப்பும் துண்டும் எடுத்து வைத்தவர்கள், வாளியும் மக்கும் லாரியில் இருப்பதைக் குளிக்கப் போகும்போதுதான் உணர்வார்கள், கழிப்பறையில் கைக்குழாய் இல்லாத வீடானால் அதற்கும் முன்பே உணர்வார்கள். தலையணைகள் இடத்தை அடைக்கும் என்பதால், உறைகளை மட்டும் எடுத்துச் சென்று மறுநாள் உடுத்தும் துணிகளை மடித்து உள்ளே திணித்துக்கொள்கிறோம். படுக்கைச் சுருளோடு ஒரு பழைய எட்டு முழ வேட்டியும் இருக்க வேண்டும். திரைச்சீலை இல்லாத வீட்டில் விளக்கைப் போட்டால் எதிர் மாடிக்கு எல்லாம் தெரியும். வேட்டியை ஜன்னல் கம்பியில் துணிக் கிளிப்பால் மாட்டிவிட்டால் அன்றைய இரவுக்கு அது போதுமானது. இரவில் போடும் மருந்து, மூக்குக் கண்ணாடிக் கூடு, கொசு விரட்டும் மெஷின் ஆகியவற்றையும் வாளியில் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது வழக்கம்.

கெட்டிலில் நேரும் தவறு சற்று விரிவாகச் சொல்லத் தக்கது, ஏனென்றால் இரண்டாம் முறை, குரோம்பேட்டையிலிருந்து பெருங்குடிக்கு மாறியபோது, நான் சறுக்கியது அதில்தான். பெட்டி இம்முறை பத்திரமாகக் காரிலேயே வந்தது. தண்ணீரும் இருந்தது, காபித் தூளும் இருந்தது. ஆனால் எங்கள் கெட்டிலின் பிளக் 16 ஆம்பியருக்கான தடித்த மூன்று பின்கள் கொண்டது. புது வீட்டின் கூடத்திலும் சமையலறை மேடையிலும் இருந்தவையோ 6 ஆம்பியர் சாக்கெட்டுகள். 16 ஆம்பியர் சாக்கெட் அந்த வீட்டில் இரண்டே இடங்களில் இருந்தது: ஒன்று குளியலறையில் கீசருக்காக, மற்றொன்று படுக்கையறையில் ஏசிக்காக, ஆளுயரத்துக்கும் மேலே. இரவு பத்து மணிக்கு ஸ்டூல்கூட இல்லாத வீட்டில், கெட்டிலின் குட்டை ஒயரை வைத்துக்கொண்டு அந்த உயரத்தில் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அப்போது பக்கத்து வீட்டுக்காரர் தம்மிடம் இருந்த ஒரு சாதாரண எக்ஸ்டென்ஷன் பெட்டியையும், தடித்த பின்னை மெல்லிய பின்னாக மாற்றும் ஓர் அடாப்டரையும் அன்போடு கொண்டுவந்து தந்தார். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காரணம் எளிய கணக்கு: 1500 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் சுமார் 6.5 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும், அந்தப் பெட்டியோ 6 ஆம்பியர் வரைதான் தாங்கும். பல நேரங்களில் உடனே ஒன்றும் ஆகாது. அதனாலேயே எல்லோரும் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் பிளக்கைத் தொட்டால் சுடும், பிளாஸ்டிக் கருகும் வாடை வரும். அந்த இரண்டில் எது தெரிந்தாலும் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். வீடு பார்க்கப் போகும் நாளிலேயே எந்த அறையில் எந்த சாக்கெட் இருக்கிறது என்று கவனித்துவிடுவதும், முதல் நாள் பெட்டிக்கென்று 1000 வாட்டுக்கு மேற்படாத, மெல்லிய பின் கொண்ட சிறிய கெட்டிலை வைத்துக்கொள்வதும் இதற்குத் தீர்வு. அது இழுப்பது 4.5 ஆம்பியருக்கும் குறைவு. கொதிக்கச் சில நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

கெட்டிலில் பாலைக் காய்ச்சுவதும் பலர் செய்யும் பிழை. தண்ணீர் கொதித்து எழும் ஆவியை உணர்ந்து தானாக அணையும்படி அமைந்த பொருள் அது; பாலோ அதற்கு முன்பே நுரைத்துப் பொங்கி மூடியைத் தாண்டி வழிந்துவிடும், அடியிலும் பிடித்துக்கொள்ளும். கேஸ் இணைப்பு அன்றே கிடைக்காதவர்கள் பால் காய்ச்சுவதற்கு இண்டக்‌ஷன் அடுப்பை நம்புகிறார்கள். அப்படியானால் எடுத்துச் செல்லும் எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் ஒரு காந்தம் ஒட்டுகிறதா என்று பழைய வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் எல்லா எவர்சில்வரும் அந்த அடுப்பில் சூடாகாது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் காபிக்கும் குடிக்கவும் ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர் கூடவே வர வேண்டும். தண்ணீர் கேன் போடுபவரின் எண் நமக்குக் கிடைப்பது மறுநாள்தான்.

கருவிகளில் நேரும் தவறு மிகையால் வருவது. டிரில்லிங் மெஷினை எடுத்துச் சென்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுக்குமாடியில் இரவு ஒன்பது மணிக்குச் சுவரைத் துளைக்க யார் விடுவார்கள்? தேவைப்படுபவை மிகச் சில: காகிதம் வெட்டும் கட்டர், இரு முனை ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர், கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப், டெஃப்லான் டேப், கட்டிலுக்கான எல் கீ. கட்டிலைக் கழற்றியவர் போல்ட்டுகளைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு என்பதால், கழற்றும்போதே கூட நின்று அவற்றை ஒரு கவரில் வாங்கி எல் கீயோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். கட்டரைப் பெட்டிக்குள் போட்டு மேலே டேப் ஒட்டிவிட்டு, அதைத் திறக்கச் சாவியால் கீறிக்கொண்டிருப்பதும் அடிக்கடி நடக்கிறது; கட்டர் கைப்பையில் இருக்க வேண்டும், இந்தப் பெட்டிக்கு டேப்பே வேண்டாம். இவற்றோடு, பலரும் கருவியாக நினைக்காத ஒன்று: பின் மாட்டும் வகை எல்.ஈ.டி. பல்பு இரண்டு. முன்பு குடியிருந்தவர்கள் தாங்கள் வாங்கிய ஃபேனையும் பல்பையும் கழற்றிக்கொண்டு போவது வாடகை வீடுகளில் சாதாரணம். பல்பை நாமே மாட்டலாம், ஃபேனை மாட்ட எலக்ட்ரீஷியன் வரும் வரை சின்ன மேஜை விசிறி ஒன்று உதவும்.

மூன்றாம் முறை மாறுவதற்கு முன்பு ஒரு சோதனை செய்தோம். பழைய வீட்டில் கடைசிக்கு முந்தைய இரவு, சமையலறையையும் பீரோவையும் தொடாமல், அந்தச் சுருளையும் வாளியையும் பெட்டியையும் மட்டும் வைத்துப் படுத்து எழுந்து குளித்துக் காபி குடித்தோம். டம்ளர் நான்கு இருந்தன, சர்க்கரையும் இருந்தது, கலக்க ஸ்பூன் இல்லை; தீப்பெட்டி இல்லாமல் சாமி விளக்கு மட்டும் இருந்தது; சின்னவனின் போர்வை எப்போதும் ஒரே நீலப் போர்வைதான் என்பதும், அது ஏற்கெனவே துணி மூட்டையின் அடியில் போய்விட்டது என்பதும் இரவு பதினோரு மணிக்குத் தெரியவந்தது. மூட்டையைப் பிரித்து எடுத்தோம். காலையில் நான்கு ஈரப் பிரஷ்களையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஸ்பூனோடும் தீப்பெட்டியோடும் வாளியின் மேல் வைத்து, அப்படியே காரின் டிக்கியில் ஏற்றினோம்.