பையில் இருந்த பயோடேட்டா

போன மாதம் நுண்ணுயிரியல் முடித்த பையன் ஒருவன் என்னைப் பார்க்க வந்தான். பால் பதப்படுத்தும் ஆலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை எப்படி இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், இருபது நிமிடம் போதும் என்றிருந்தான். இதைத் தகவல் நேர்காணல் என்கிறார்கள்: வேலை கேட்பதற்கு அல்ல, வேலையைப் பற்றிக் கேட்பதற்கு. அவன் செய்த தவறுகளில் பாதி, நான் அந்த வயதில் செய்தவை. நேரத்துக்குப் போவது, கைபேசியை அணைப்பது போன்றவற்றை உங்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள், விட்டுவிடுகிறேன்.

பாடப்புத்தகத்தில் இருப்பதைக் கேட்பது

"பாலில் என்னென்ன சோதனை செய்வீர்கள் சார்?" என்று தொடங்கினான். கொழுப்பு, எஸ்.என்.எஃப். எனப்படும் கொழுப்பு நீங்கலான திடப்பொருள், அமிலத்தன்மை, கலப்படம் என்று ஒப்பித்தேன். இதெல்லாம் அவன் பரீட்சையில் எழுதியதுதான். மூன்று நிமிடம் வீண்.

"நேற்று ஷிப்டில் எந்த முடிவை எடுக்கத் திணறினீர்கள்?" என்று கேட்டிருந்தால் வேறு கதை கிடைத்திருக்கும். நள்ளிரவில் டேங்கர் வந்து நிற்கிறது. பாலில் கிருமி எவ்வளவு என்று காட்டும் மெத்திலீன் நீலச் சோதனைக்குப் பல மணி நேரம் ஆகும். வண்டி அதுவரை காத்திருக்காது. வாசனை, வெப்பநிலை, கொதிக்கவைத்தால் திரிகிறதா, அமிலத்தன்மை எவ்வளவு என்று சில நிமிடங்களில் தெரிவதை வைத்து இறக்கலாமா வேண்டாமா என்று சொல்லியாக வேண்டும். அடுத்து, "திருப்பி அனுப்பச் சொன்னால் யார் மறுப்பார்கள்?" என்று கேட்க வேண்டும். கொள்முதல் பிரிவிலிருந்து தொலைபேசி வரும். அப்போது மேலாளர் நம் பக்கம் நிற்பாரா என்பதில்தான் இந்த வேலையின் சுகமும் துக்கமும் இருக்கிறது. எந்தப் பாடத்திட்டத்திலும் அது கிடையாது.

பதினைந்து கேள்விகளோடு போவது

ஐந்து போதும்.

"உங்கள் சம்பளம் எவ்வளவு?"

புதிதாகச் சேர்கிறவருக்கு இந்தப் பக்கம் எவ்வளவில் தொடங்குகிறது என்று கேளுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கடைசி நிமிடத்தில் பயோடேட்டாவை நீட்டுவது

பதினெட்டாவது நிமிடம் அவன் கை பைக்குள் போனது. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். 2009-ல் நானும் அதே போல ஒரு தர மேலாளர் முன் உட்கார்ந்திருந்தேன். மனிதர் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார், ஆய்வகத்தைக்கூடச் சுற்றிக் காட்டினார். கிளம்பும்போது, "ஏதாவது காலியிடம் இருந்தால்..." என்று இழுத்து ஃபைலை நீட்டினேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை. "பர்சனல் பிரிவில் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்றார். அதன்பின் என் அழைப்பை எடுக்கவே இல்லை.

அவர் கோபித்துக்கொண்டது அகந்தையால் என்று பல வருடம் நினைத்திருந்தேன். இந்தப் பக்கம் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. காலியிடம் அவர் கையில் இல்லை. இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிய சங்கடத்தை நான் உண்டாக்கினேன். அதுவரை கேட்ட கேள்விகளெல்லாம் இதற்கு முன்னோட்டம்தானா என்றும் அவருக்குத் தோன்றியிருக்கும். வேறு ஆலைகளில் அவருக்குத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் பெயரைக் கேட்டிருந்தால் தயங்காமல் கொடுத்திருப்பார்.

அதனால் பயோடேட்டா பையிலேயே இருக்கட்டும். அவராகக் கேட்டால் மட்டும் கொடுங்கள். பதினேழாவது நிமிடம் வந்ததும் நீங்களே சொல்லுங்கள்: "சார், நேரம் ஆகப்போகிறது. கடைசியாக ஒன்று. என் நிலையில் இருப்பவர் அடுத்து யாரிடம் பேசினால் நல்லது?" பெயர் வந்ததும், "நீங்கள் சொன்னதாகச் சொல்லலாமா?" என்று கேட்டு அனுமதி வாங்குங்கள். அனுமதி இல்லாமல் பெயரைப் பயன்படுத்தினால் இரண்டு கதவும் சாத்தப்படும். பிறகு எழுந்துவிடுங்கள். அவர் இன்னும் பேச நினைத்தால் உட்காரச் சொல்வார்.

பையனிடம், "அதை உள்ளே வை தம்பி" என்று சொல்லி, இரண்டு பெயர்களை நானே எழுதிக் கொடுத்தேன்.

வெறும் நன்றியோடு நிறுத்துவது

அன்று இரவு "மிக்க நன்றி சார்" என்று ஒரு செய்தி வந்தது. அது போதாது. "டேங்கர் விஷயம் நீங்கள் சொன்ன பிறகுதான் இரவு ஷிப்ட் எனக்கு ஒத்துவருமா என்று யோசிக்கிறேன்" என்பதுபோல, பேச்சில் எது மனத்தில் தங்கியது என்று ஒரு வரி வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து, சொன்ன ஆளைப் பார்த்தீர்களா, என்ன ஆனது என்று இன்னொரு செய்தி அனுப்புங்கள். பெயர் கொடுத்தவர் அதற்குக் காத்திருப்பார்.

ஐந்து வாரம் ஆகிறது. அந்த இருவரில் ஒருவரையாவது பையன் பார்த்தானா என்று எனக்கு இன்னும் தெரியாது.