வாட்டர் வாஷ் தொடங்க 15 கார் போதும்

கடை வாடகை எடுக்காமல், ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் மாதச் சந்தா கட்டும் 15 கார்களோடு தொடங்குங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் 3 கார்களைக் கழுவி, மற்ற 12 கார்களைத் துடைக்க வேண்டும். கழுவ அரை மணி, துடைக்க 10 நிமிடம் என்றால் காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடித்துவிடலாம். சனிக்கிழமை எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மிச்ச நேரத்தில் இரண்டு பைக் கழுவலாம். பைக்கில் சக்கர பேரிங் மேல் நேராகத் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள், கிரீஸ் போய்விடும்.

அசோசியேஷன் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றித்தான். திறந்த குழாயில் ஒரு காருக்கு 150 லிட்டர் சாதாரணமாகப் போகும். சிறிய பிரஷர் வாஷர் நிமிடத்துக்கு 6, 7 லிட்டர்தான் எடுக்கும். ஷாம்பு போடும்போது வாஷரின் துப்பாக்கியை மூடினால் 50 லிட்டரில் முடியும்.

கீறல்தான் சந்தாவை இழக்க வைக்கும். காய்ந்த தூசியை அப்படியே துடைக்கவே கூடாது. ஷாம்புக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி வையுங்கள். போர் தண்ணீர் என்றால் வெயில் ஏறுமுன் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் உப்புப் புள்ளி படியும்.

அப்புறம் விலை. ஒரு காருக்கு வாரம் 80 நிமிடம், மாதம் ஏறக்குறைய ஐந்தே முக்கால் மணி நேரம் உழைக்கிறீர்கள். 700 ரூபாய் வாங்கினால் மணிக்கு 120 ரூபாய் வரும், ஷாம்பு, துணிச் செலவு அதற்குள்தான். 400க்கு ஒத்துக்கொண்டால் மணிக்கு 70கூடத் தேறாது.