தோலில் ஒன்றுமே இல்லை, உடம்பெல்லாம் அரிப்பு: தில்லிக் குளிர்மேல் பழி போடும் முன்

ஆர்.கே.புரத்தில், மலை மந்திருக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு மாமி என் கிளினிக்குக்கு வந்தது ஏப்ரல் கடைசியில். வயது 51. தீபாவளி முடிந்த கையோடு அரிப்பு தொடங்கியதாம். தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை, படை இல்லை. "ராத்திரி படுத்தா உள்ளங்கையும் உள்ளங்காலும் பத்தி எரியற மாதிரி அரிக்கறது டாக்டர். தோலுக்கு அடியில எதுவோ ஊர்றது. சொறிஞ்சாலும் அடங்கல" என்றார். கணவர் ஒரு பையைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். மூன்று லோஷன், இரண்டு ட்யூப் க்ரீம், பாதி காலியான செட்டிரிசின் அட்டைகள், ஒரு கஷாய பாட்டில். ஆறு மாதக் கதை மொத்தமும் அந்தப் பையிலேயே இருந்தது.

முதல் தவறு எல்லா வீட்டிலும் நடப்பதுதான். தில்லிக் குளிரில் தோல் வறண்டு அரிக்கும் என்பது பொய்யில்லை. சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு முதல் டிசம்பரிலேயே அது புரிந்துவிடும். கீசரைக் கொதிக்கவிட்டுக் குளித்து, ரூம் ஹீட்டர் முன்னால் உட்கார்ந்தால் இன்னும் மோசம். ஆனால் வறட்சி அரிப்புக்கு ஓர் அடையாளம் உண்டு. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தோலை நகத்தால் லேசாகக் கீறினால் வெள்ளைக்கோடு விழும், செதில் உதிரும். குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெயோ கெட்டியான க்ரீமோ தடவி, வெந்நீரின் சூட்டைக் குறைத்தால் இரண்டு வாரத்தில் நன்றாகக் குறையும். மாமிக்குக் கால் தோல் வழவழவென்று இருந்தது. எண்ணெய் தேய்த்தும் அரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. பிப்ரவரி போய், ஹோலி போய், ஃபேன் போட ஆரம்பித்த பிறகும் அரித்தது. அப்போதும் வீட்டில் குளிரின் பேரில்தான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். தோலில் காரணம் தெரியாத அரிப்பு ஆறு வாரத்தைத் தாண்டினால் ரத்தம் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது செட்டிரிசின். அது ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரை. கொசுக்கடி, அலர்ஜித் தடிப்பு இதற்கெல்லாம் ஹிஸ்டமின்தான் காரணம், அதனால் கேட்கும். கல்லீரல், சிறுநீரகக் கோளாறில் வரும் அரிப்பில் ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கில்லை. மாத்திரை கொஞ்சம் தூக்கம் தரும், அதைக் குணம் என்று நினைத்துக்கொள்வோம். நான்கு மாதம் போட்டும் பிரயோஜனம் இல்லையென்றால், மாத்திரையை இரண்டாக்குவதைவிட 'இது அலர்ஜிதானா' என்று கேட்பது மேல். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய அந்த ட்யூபுகள் இரண்டிலும் ஸ்டீராய்டு இருந்தது. தோலில் நோயே இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து போவதுதான் மிச்சம்.

சட்டைக் கையை மேலே தூக்கியபோது கைகளில் நீளநீளமாக நகக்கீறல்கள், சில இடத்தில் காய்ந்த புண். "இதுதான் ராஷ்" என்று ஒருவர் ஏற்கெனவே மருந்து கொடுத்திருக்கிறார். சொறிந்ததால் வந்த காயத்தை நோயாக எடுத்துக்கொள்வது டாக்டர்களும் செய்யும் தவறு. நான் முதுகைப் பார்த்தேன். இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, யாருக்கும் கை எட்டாத அந்த இடத்தில் தோல் குழந்தைத் தோல் மாதிரி சுத்தமாக இருந்தது. அதைச் சுற்றிக் கை எட்டும் இடமெல்லாம் கீறல். தோல் நோயாக இருந்தால் கை எட்டாத இடம் என்று பார்த்து ஒதுங்காது. விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு மடிப்பு இவற்றையும் பார்த்தேன். சிரங்கு சில சமயம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாமல் இருக்கும். அதிலும் ராத்திரிதான் அரிப்பு கூடும், ஆனால் வீட்டில் இன்னும் ஒருவராவது சொறிந்துகொண்டிருப்பார். இங்கே மாமா நிம்மதியாகத் தூங்குகிறாராம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த தவறு. "கல்லீரல் எல்லாம் பாத்தாச்சு, நார்மல்" என்று மாமா ஒரு ரிப்போர்ட்டை நீட்டினார். அவருடைய ஆபீஸில் வருஷா வருஷம் குடும்பத்தோடு செய்யும் செக்கப், போன வருஷத்தது. பிலிருபின் 0.8. காமாலை இல்லை. எஸ்.ஜி.பி.டி. 44. அதற்குக் கீழே அல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்று ஒரு வரி, 236. அந்த லேபில் உச்ச வரம்பு 120. எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தும், ஓரத்தில் பேனாவால் 'நார்மல்' என்று எழுதியிருந்தது.

கண் மஞ்சளாகாவிட்டால் கல்லீரலில் பிரச்சினை இல்லை என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். பித்தநீர் சரியாக வடியாமல் தேங்கத் தொடங்கும்போது அதிலுள்ள பித்த உப்புகளும் வேறு சில பொருள்களும் ரத்தத்தில் ஏறி நரம்பு நுனிகளைத் தூண்டுகின்றன. பிலிருபின் ஏறிக் கண் மஞ்சளாவது அதற்கு மாதங்கள், சில சமயம் வருஷங்கள் கழித்துத்தான். அதற்கு முன்பே தேக்கத்தைக் காட்டிக்கொடுப்பது அல்கலைன் பாஸ்பேட்டேஸ். இந்த நொதி எலும்பிலிருந்தும் வரும் என்பதால் கூடவே எலும்பிலிருந்து வராத ஜி.ஜி.டி. என்ற நொதியையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஏறியிருந்தால் பித்தப் பாதையைத்தான் சந்தேகிக்க வேண்டும். உள்ளங்கை, உள்ளங்காலில் தொடங்கி ராத்திரி கூடும் அரிப்பும் இந்தப் பக்கம்தான் கை காட்டுகிறது.

மாமிக்குப் புதிதாக எடுத்ததில் பிலிருபின் அப்போதும் 0.9. அல்கலைன் பாஸ்பேட்டேஸ் 412, ஜி.ஜி.டி. 290. அடுத்த படி வயிற்று ஸ்கேன். பித்தநாளம் வீங்கியிருந்தால் கீழே கல்லோ, கணையத் தலையில் கட்டியோ அடைத்திருக்கலாம், அதற்கு அவசரமாக ஓட வேண்டும். இவருக்கு நாளம் சாதாரண அளவில் இருந்தது. அப்படியென்றால் தேக்கம் கல்லீரலுக்குள்ளேயே நடக்கிறது. ஆன்டி மைட்டோகாண்ட்ரியல் ஆன்டிபாடி என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். நோயின் பெயர் பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ். உடம்பின் எதிர்ப்பு சக்தியே கல்லீரலுக்குள் இருக்கும் நுண்ணிய பித்தக் குழாய்களை மெல்ல அழிக்கும் நோய் இது. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் நாற்பது தாண்டியவர்கள். 2015 வரை இதன் பெயரில், கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவதைக் குறிக்கும் 'சிரோசிஸ்' என்ற சொல் இருந்தது. குடிக்காத பெண்களை வீணாகப் பயமுறுத்துகிறது, அது உண்மையும் இல்லை என்று மாற்றினார்கள். நல்ல காரியம்.

அந்தக் கஷாய பாட்டிலையும் விட்டுவிடக் கூடாது. 'ரத்தம் சுத்தமாகும்' என்று அரிப்புக்குக் கஷாயம் குடிப்பது நம் வழக்கம். கோவிட் சமயத்தில் சீந்தில் கொடியைத் தொடர்ந்து சாப்பிட்டுக் கல்லீரல் வீங்கியவர்களைப் பற்றி மும்பை டாக்டர்கள் 2021இல் எழுதினார்கள். 'மூலிகைதானே, இதை எதற்கு டாக்டரிடம் சொல்வது' என்று மறைத்தால் தேடல் வேறு திசையில் போய்விடும். அமாக்சிசிலின்–கிளாவுலனேட் போன்ற சாதாரண ஆன்டிபயாடிக்கூட, கோர்ஸ் முடிந்து சில வாரங்கள் கழித்துப் பித்தத் தேக்கத்தை உண்டாக்கலாம். அதனால் 'இப்போது என்ன மாத்திரை' என்று மட்டுமல்ல, கடந்த மூன்று மாதத்தில் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்றும் கேட்பேன்.

வைத்தியம் தொடங்கிய பிறகும் ஒரு சறுக்கல் வந்தது. நோய்க்கு உர்சோடியாக்சிகோலிக் அமிலம், உடல் எடையில் கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம். மாமி 62 கிலோ, ஆக நாளைக்கு 900 மில்லிகிராம். இது கல்லீரலைக் காப்பாற்றும், அரிப்பைப் பெரிதாகக் குறைக்காது. அதை முன்பே சொல்லாவிட்டால் 'கேட்கவில்லை' என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். அரிப்புக்குத் தனியாகக் கொலஸ்டைரமின் பொடி, 4 கிராம் பாக்கெட், காலை டிபனை ஒட்டி. ராத்திரி முழுக்கப் பித்தப்பையில் சேர்ந்த பித்தநீர் டிபன் நேரத்தில்தான் குடலுக்கு இறங்கும். அங்கேயே பொடி அதைப் பிடித்துக்கொள்ளும். மூன்று வாரத்தில் மாமி விட்டுவிட்டாவது தூங்க ஆரம்பித்தார். ஆனால் இரண்டு மாதத்தில் சோர்வு, மலச்சிக்கல். தைராய்டு குறையும்போது ஏறும் டி.எஸ்.எச். 3இலிருந்து 11க்கு ஏறியிருந்தது. அவர் ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர், இந்த இரண்டு நோயும் பலருக்குச் சேர்ந்தே வரும். காலை ஏழு மணிக்கு மாத்திரை, ஏழரைக்குப் பொடி என்று எடுத்திருக்கிறார். பொடி பித்தத்தோடு மாத்திரையையும் பிடித்து வெளியே தள்ளிவிட்டது. இதை முதல் நாளே கேட்டு எழுதிக் கொடுக்காதது என் தவறு. அப்புறம் தைராய்டு மாத்திரையை இரவு சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போதும், உர்சோவை மதியமும் இரவும் உணவோடும் மாற்றினோம். பொடிக்கும் மற்ற மாத்திரைகளுக்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி. டி.எஸ்.எச். திரும்ப இறங்கியது. பொடியும் போதாதவர்களுக்கு ரிஃபாம்பிசின், செர்ட்ராலின் என்று அடுத்த மருந்துகள் உண்டு, அவை கல்லீரல் டாக்டரின் கண்காணிப்பில்தான்.

கர்ப்பிணிகளுக்கு ஆறு வாரக் கணக்கு செல்லாது. கடைசி மூன்று மாதத்தில் உள்ளங்கையும் பாதமும் ராத்திரி அரித்தால், 'வயிறு விரிவதால் அரிக்கிறது' என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுப் பொறுத்திருக்கக் கூடாது. அடுத்த நாளே மகப்பேறு டாக்டரிடம் போய் ரத்தத்தில் பித்த அமிலம் பார்க்கச் சொல்ல வேண்டும். அது 100ஐத் தாண்டினால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் அபாயம் கூடுகிறது. பிரசவத் தேதியையே முன்னுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

கல்லீரல் நிஜமாகவே சரியாக இருந்தால் தேடல் நிற்காது. கிரியேட்டினின் சிறுநீரகத்துக்கு, டி.எஸ்.எச். தைராய்டுக்கு, ஃபெரிட்டின் இரும்புச்சத்துக்கு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பு குறைந்திருக்கலாம் என்பதால்தான் ஃபெரிட்டின். வெந்நீரில் குளித்து வந்த சில நிமிஷத்தில் மட்டும் உடம்பெல்லாம் முள் குத்துகிற மாதிரி அரித்து, ஹீமோகுளோபின் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால், எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை அளவுக்கு மீறி உற்பத்தி செய்கிறதா என்று பார்ப்பேன். 'ரத்தம் நிறைய இருக்கே, நல்லதுதானே' என்று சந்தோஷப்படக் கூடாத இடம் அது.

எல்லாம் நார்மல் என்று வந்தாலும் ஃபைலை மூடிப் பரணில் போட்டுவிட வேண்டாம். ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நெறிக்கட்டிப் புற்றுநோயில், கட்டி கைக்குத் தட்டுப்படுவதற்கு மாதங்கள் முன்பே அரிப்பு வந்துவிடலாம். அரிப்பு போகாதவர்களை மூன்று மாதம் கழித்துத் திரும்ப வரச் சொல்கிறேன். எடை பார்ப்பேன், கழுத்தையும் அக்குளையும் தடவிப் பார்ப்பேன், ராத்திரி வியர்த்துத் தலையணை நனைகிறதா என்று கேட்பேன், மார்பு எக்ஸ்ரே ஒன்று எடுப்பேன்.