டேட்டா சேவர் போட்டிருக்கும் போனில் மெயில் தாமதமாக வருகிறதா? பலரும் செய்யும் தவறுகள்

போன மாதம் என் மாமா மகன் ஒரு நேர்காணல் அழைப்பைக் கிட்டத்தட்டக் கோட்டைவிட்டான். காலை 9.40-க்கு மெயில் அனுப்பியிருக்கிறார்கள், மதியம் இரண்டு மணிக்குள் பதில் வேண்டும் என்று. அவன் மதுரைக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தான். போன் கையிலேயே இருந்தது, சிக்னல் இருந்தது, வாட்ஸ்அப்பில் நண்பர்களோடு பேசிக்கொண்டே வந்தான். 1.15-க்கு வேறு எதற்கோ ஜிமெயிலைத் திறந்தபோது, மேலே வட்டம் ஒரு சுற்றுச் சுற்றி, ஏழு மெயில்கள் ஒன்றாக வந்து நின்றன. அதில் ஒன்று அந்த அழைப்பு, பக்கத்தில் 9.40 என்றே நேரம் போட்டிருந்தது.

அவன் போனில் இரண்டு மாதமாக டேட்டா சேவர் இயங்கிக்கொண்டிருந்தது. தினசரி 1.5 ஜிபி சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடுகிறது என்று போட்டவன், அப்புறம் அதை மறந்தேவிட்டான்.

ஆண்ட்ராய்டில் இந்த வசதி 2016-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. அது செய்வது ஒன்றுதான்: மொபைல் டேட்டாவில் இருக்கும்போது, திரையில் நீங்கள் திறந்து வைத்திருக்கும் செயலிக்கு இணையம் கொடுக்கும், பின்னணியில் இருப்பவற்றுக்குக் கொடுக்காது. மெயில் செயலியோ நாள் முழுக்கப் பின்னணியில் இருந்தே வேலை செய்வது. அதன் கதவு சாத்தப்பட்டால், மெயில் சர்வரில் வந்து காத்துக்கொண்டிருக்கும். நீங்கள் செயலியைத் திறந்ததும் அது முன்னுக்கு வருகிறது, கதவு திறக்கிறது, காத்திருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வருகிறது.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. மெயில் வருகிறதா என்று சோதிக்க எல்லோரும் செயலியைத் திறந்து பார்க்கிறார்கள். திறப்பதே பழுதை மறைத்துவிடுகிறது என்பது தோன்றுவதில்லை. திறந்தால் மெயில் இருக்கிறது, மெயில் சர்வரை அடைந்த நேரம்தான் பக்கத்தில் காட்டுகிறது, ஆகவே அது காலையிலிருந்தே போனில் இருந்தது போலவும் நாம்தான் கவனிக்காமல் விட்டது போலவும் தெரியும். என் மாமா மகனும் தன்னையே நொந்துகொண்டான், நோட்டிபிகேஷனைத் தவறுதலாகத் தள்ளிவிட்டிருப்போம் என்று.

சரியான சோதனை இப்படி. வைஃபையை அணையுங்கள், மெயில் செயலியிலிருந்து வெளியே வாருங்கள், போனைப் பூட்டி மேசையில் வையுங்கள். இன்னொருவரின் போனிலிருந்து உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். பத்து நிமிடம் தொடவே கூடாது. சத்தம் வரவில்லை என்றால், இப்போது செயலியைத் திறக்காமல் வைஃபையை மட்டும் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் மெயில் தானாக வந்தால், டேட்டா சேவர்தான் காரணம் என்று ஏறக்குறைய உறுதி. வைஃபையிலும் வரவில்லை என்றால் பிரச்சினை வேறு இடத்தில்: ஜிமெயிலுக்குள் Sync Gmail அணைந்திருக்கலாம், அல்லது போனின் பொதுவான தானியங்கி ஒத்திசைவே அணைந்திருக்கலாம். அதைப் பார்க்காமல் டேட்டா சேவரை நோண்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

வைஃபை பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். வீட்டில் எல்லாம் நன்றாக வருகிறதே என்று சொல்பவர்கள் நிறைய, ஏனென்றால் வீட்டு வைஃபையை போன் கணக்குப் பார்க்காத இணைப்பாக எடுத்துக்கொள்கிறது, அங்கே டேட்டா சேவர் தலையிடாது. ஆனால் இன்னொரு ஆண்ட்ராய்டு போனின் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்தால், திரையில் வைஃபை சின்னம் இருந்தாலும் அது அளவு பார்க்கும் இணைப்பு என்று பொதுவாக உங்கள் போன் கண்டுகொள்ளும், மெயிலையும் நிறுத்திவைக்கும். அப்பாவின் ஹாட்ஸ்பாட்டில் மெயில் வரவில்லை, பக்கத்து வீட்டு வைஃபையில் வருகிறது என்றால் குழம்ப வேண்டாம்.

அடுத்த தவறு, செயலியை நீக்கி மறுபடி போடுவது. என் மாமா மகன் இதை இரண்டு முறை செய்தான். இதனால் ஒன்றும் சரியாகாது, தடை செயலிக்குள் இல்லை, போனின் அமைப்பில் இருக்கிறது. அதோடு, ஏற்கெனவே அந்தச் செயலிக்கு டேட்டா சேவரிலிருந்து விலக்கு கொடுத்திருந்தால் நீக்கும்போது அதுவும் போய்விடும். இன்னும் மோசம், போகாமல் நின்ற மெயில்கள். அனுப்பு பொத்தானைத் தட்டிவிட்டு உடனே வெளியே வந்தால், அனுப்பும் வேலையும் பின்னணிக்குப் போய் Queued என்று நிற்கலாம். அந்த நிலையில் செயலியை அழித்தால் அந்த மெயில் போயே போச்சு. முக்கியமான மெயிலை அனுப்பினால், அது Sent பகுதிக்குள் வரும்வரை திரையிலேயே இருங்கள்.

பேட்டரி அமைப்பைத் திருத்துவது இன்னொன்று. செயலியின் தகவல் பக்கத்தில் பேட்டரிக்கு Unrestricted என்று ஒரு தேர்வு உண்டு, டேட்டாவுக்கும் கிட்டத்தட்ட அதே பெயரில் ஒன்று உண்டு. பேட்டரியில் அதைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டும் தனித்தனிப் பூட்டுகள், ஒன்றைத் திறந்தால் மற்றது திறக்காது.

வாட்ஸ்அப் வருகிறதே, மெயில் மட்டும் ஏன் வராது என்ற கேள்வியும் இப்படித்தான். விலக்கு செயலிக்குச் செயலி தனி. என் மாமா மகனின் போனில் விலக்குப் பட்டியலைத் திறந்து பார்த்தபோது வாட்ஸ்அப்புக்கு எப்போதோ விலக்கு கொடுத்திருந்தான், ஜிமெயிலுக்கு இல்லை.

கடைசியில், கோபத்தில் டேட்டா சேவரையே அணைத்துவிடுவது. அணைத்தால் மெயில் வரும், சந்தேகமில்லை, ஆனால் புகைப்படச் செயலி, வீடியோ செயலி எல்லாம் பின்னணியில் தின்ன ஆரம்பித்து, சாயங்காலம் 1.5 ஜிபி மறுபடி காலியாகும். மெயிலுக்கு மட்டும் வழிவிட்டால் போதும். போனின் Settings போய், Network & internet, அதில் Data Saver, அதற்குள் Unrestricted data என்ற பட்டியலில் உங்கள் மெயில் செயலிக்கு எதிரே உள்ள பொத்தானைப் போடுங்கள். சாம்சங்கில் Connections, Data usage, Data saver என்று போக வேண்டும். அதே பட்டியலில் Google Play services ஏற்கெனவே இயக்கத்தில் இருக்கும், டேட்டா மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை அணைத்துவிடாதீர்கள், பல செயலிகளின் நோட்டிபிகேஷன் அதன் வழியாகத்தான் வருகிறது.

மெயிலுக்கு விலக்கு கொடுத்தால் டேட்டா கரைந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. எழுத்தாக வரும் மெயில் மிகச் சிறியது, எடை இருப்பது இணைப்புகளில். ஜிமெயிலில் உங்கள் கணக்கின் அமைப்பில் Download attachments என்று ஒன்று உண்டு, அது அண்மை மெயில்களின் இணைப்புகளை வைஃபையில் மட்டும் தானாக இறக்குவது. ஆகவே மொபைல் டேட்டாவில் நீங்கள் தட்டாமல் பெரிய கோப்பு இறங்காது.

ஐபோனில் நிலைமை வேறு. அங்கே 2019-இல் ஐஓஎஸ் 13-இல் வந்த Low Data Mode போட்டால் செயலிகளின் பின்னணிப் புதுப்பிப்பு நின்றுவிடும், செயலி வாரியாக விலக்கு கொடுக்கும் பட்டியல் அதில் இல்லை. அவசர மெயிலுக்குக் காத்திருக்கும் நாளில் அதை அணைத்துவைப்பதுதான் வழி.

என் மாமா மகனுக்குப் பொத்தானைப் போட்டுக் கொடுத்த பிறகு, வைஃபையை அணைத்து, போனைப் பூட்டி சாப்பாட்டு மேசையில் வைத்தோம். அடுத்த அறையிலிருந்து நான் ஒரு மெயில் அனுப்பினேன். அரை நிமிடத்துக்குள் போன் அதிர்ந்தது. 1.20-க்கு அவன் அனுப்பிய பதிலை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், நேர்காணல் மறுநாள் காலைக்கு மாறியது.