ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் வெடிச்சத்தம்: என் அனுபவம்

கத்திப்பாரா மேம்பாலத்து இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் என் வண்டியின் சைலன்சர் பட் பட்டென்று வெடிக்கும். பழைய கார்புரேட்டர் வண்டி. கார்புரேட்டரைக் கழுவியும் பலனில்லை.

ஒரு காலை, இன்ஜின் சூடேறும் முன் ஸ்டார்ட் செய்து, மடித்த ஈரத்துணியால் சைலன்சர் வாயைச் சில நொடி லேசாக அழுத்தினேன். சிலிண்டர் ஹெட்டில் பெண்ட் பைப் சேரும் இடத்தில் புஸ்ஸென்று சத்தம். சோப்பு நீர் தெளித்தால் அங்கேயே நுரை பொங்கியது. டார்ச் அடித்தால் விளிம்பில் கரிக்கோடு.

ஆக்சிலேட்டரை மூடும்போது கலவையில் பெட்ரோல் குறைந்து, சில சுற்றுகளில் தீப்பிடிக்காமலே வெளியேறும். கசிவு வழியே உள்ளே இழுக்கப்படும் காற்று அதோடு சேர்ந்து, சூடான பைப்பிலேயே வெடிக்கிறது.

அந்த இணைப்பு கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டைப் புதுப்பேட்டையில் புதிதாக வாங்கினேன். துருப்பிடித்த நட்டை அவசரப்பட்டுத் திருகினால் ஸ்டட் முறியும்; அதனால் முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டேன். பழைய கேஸ்கெட்டின் மிச்சத்தைச் சுரண்டி எடுத்து, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். ஒரு பக்கத்தை மட்டும் முதலில் இறுக்கினால் பைப் சாய்ந்து மறுபடி கசியும்.

பெரிய வெடி நின்றது, சின்னப் பொரிச்சல் மிஞ்சியது. இன்ஜின் சூடானபின் மிக்சர் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே திருப்பியதும் கலவையில் பெட்ரோல் கூடி அதுவும் போனது. என் கார்புரேட்டரில் அது இன்ஜின் பக்கம் இருக்கும் பெட்ரோல் ஸ்க்ரூ. ஏர்ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்க்ரூ, உள்ளே திருப்ப வேண்டும்.