மாலத்தீவு: 1,200 டாலர் அறை 3,600 டாலர் ஆகும் விதம்

பெங்களூரிலிருந்து மாலேவுக்கு நேரடி விமானத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். இந்தியர்களுக்கு விசாக் கட்டணம் கிடையாது. முன்பதிவுத் தளத்தில் ஓர் இரவுக்கு 300 டாலர் என்று ரிசார்ட் அறை தெரிகிறது. ஹலசூரிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ இருக்கிற ஒரு குடும்பம் உடனே மனக்கணக்குப் போடுகிறது: நான்கு இரவு, 1,200 டாலர், கூடவே விமான டிக்கெட். அவ்வளவுதானே என்று முன்பணமும் கட்டிவிடுகிறது.

டிக்கெட் விலையை ஒப்பிடாதது, சீசன் பார்க்காதது போன்றவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கீழே இருப்பவை, விவரம் தெரிந்தவர்களும் செய்கிற தவறுகள்.

மாலேவில் இறங்கியதும் வந்துவிட்டோம் என்று நினைப்பது

மற்ற எல்லாத் தவறையும் மன்னிக்கலாம். இதை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் மறுபடி செய்கிறார்கள், எரிச்சல்தான் வருகிறது.

மாலத்தீவில் ரிசார்ட் என்பது தனித் தீவு. விமான நிலையத்திலிருந்து அங்கே போக டாக்ஸி கிடையாது. பக்கத்துத் தீவென்றால் ஸ்பீட்போட். தூரமென்றால் கடல் விமானம், அல்லது உள்நாட்டு விமானம் பிடித்து அங்கிருந்து படகு. இதை ரிசார்ட்தான் ஏற்பாடு செய்யும், கட்டணத்தையும் அதுவே வைக்கும். அறைக்குக் கணக்கு ஓர் அறைக்கு. படகுக்கும் கடல் விமானத்துக்கும் கணக்கு ஒரு தலைக்கு. தளத்தில் நீங்கள் பார்க்கும் 300 டாலரில் பெரும்பாலும் இது சேர்ந்திருக்காது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் "Transfer not included" என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். கடல் விமானத்துக்குப் போகவர ஒரு பெரியவருக்கு 400 டாலருக்கு மேல் கேட்பது சாதாரணம். எனவே மலிவான அறை என்று தூரத்துத் தீவைப் பிடித்தவர், அறை விலை கூடுதலான ஸ்பீட்போட் தீவைப் பிடித்தவரைவிட அதிகம் கட்டி முடிப்பார்.

பணத்தோடு நேரமும் கணக்கில் வர வேண்டும். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பிற்பகல் மூன்றரை மணிக்குள் மாலேவில் இறங்கினால்தான் அன்றைக்கே தீவு போய்ச் சேரலாம் என்று பல ரிசார்ட்டுகள் எல்லை வைத்திருக்கின்றன. திரும்பும்போதும் அப்படியே: காலை எட்டு மணிக்கு ஊர் திரும்பும் விமானம் என்றால், முந்தின நாளே தீவைவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும்.

இப்படி ஒரு குடும்பம் ஆறாயிரம் ரூபாய் மிச்சம் என்று மாலை ஆறு மணிக்கு இறங்கும் டிக்கெட்டை எடுத்தது. முதல் இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலேவில் வேறு அறை எடுத்துத் தங்கினார்கள். ரிசார்ட்டில் அதே இரவுக்குக் கட்டிய பணம், வரியோடு 386 டாலர், வீணாகப் போனது. ரிசார்ட்டைக் குற்றம் சொல்ல முடியாது. அறை காலியாகத்தான் காத்துக்கொண்டிருந்தது.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் தீவுக்கு எதில் போவது, கடைசிப் புறப்பாடு எத்தனை மணிக்கு, பெரியவருக்கு எவ்வளவு, குழந்தைக்கு எவ்வளவு, அது வரி சேர்ந்த தொகையா என்று ரிசார்ட்டுக்கு மின்னஞ்சல் எழுதிப் பதில் வாங்குங்கள். அதன் பிறகு விமான டிக்கெட். அறைக்குப் பணம் கட்டுவது கடைசியில்.

இரண்டு கூட்டல் குறியைக் கவனிக்காதது

விலைக்குப் பக்கத்தில் `++` என்று இருந்தால், சேவைக் கட்டணமும் சுற்றுலா வரியும் தனி என்று பொருள். சேவைக் கட்டணம் வழக்கமாக 10 சதவீதம். 2025 ஜூலை முதல் சுற்றுலா ஜி.எஸ்.டி. 17 சதவீதம். இரண்டையும் கூட்டி 27 என்று போடாதீர்கள். சேவைக் கட்டணம் சேர்ந்த தொகையின் மேல்தான் வரி விழும், ஆகவே 28.7 சதவீதம் ஏறும். அறைக்கு மட்டுமல்ல, சாப்பாடு, மசாஜ், படகுச் சவாரி எதுவானாலும் 1.287ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் பசுமை வரி. ரிசார்ட்டில் ஓர் இரவுக்கு ஒரு தலைக்கு 12 டாலர்; உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் உள்ள சிறிய விருந்தினர் விடுதிகளில் 6 டாலர். முன்பதிவின்போது கட்டாமல் விட்டிருந்தால், அறையைக் காலி செய்யும்போது பில்லில் வரும்.

கணக்கு போட்டே பார்ப்போம்

இரண்டு பெரியவர்கள், எட்டு வயதுக் குழந்தை, நான்கு இரவு. எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், ஆனால் நடப்புக்கு வெகு தூரமில்லை.

அறை 1,200 டாலர். சேவைக் கட்டணம் சேர்த்தால் 1,320, வரியோடு 1,544. மூன்று பேருக்கு நான்கு இரவுப் பசுமை வரி 144. கடல் விமானம் வரியோடு பெரியவருக்கு 450, குழந்தைக்கு 250 என்று வைத்தால் 1,150. அறையோடு காலை உணவு மட்டுமே கிடைக்கும். தீவில் வேறு கடை கிடையாது. மற்ற வேளைச் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்குக் குடும்பத்துக்கு 150 டாலர், நான்கு நாளுக்கு வரியோடு 772. ஆக மொத்தம் ஏறத்தாழ 3,610 டாலர்.

இதைச் சாதாரணக் கிரெடிட் கார்டில் கட்டினால் 3.5 சதவீத அந்நியச் செலாவணிக் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 4.13 சதவீதம் ஏறும். அது இன்னொரு 149 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,08,000 ரூபாய் என்று நினைத்தது 3,38,000 ரூபாயில் வந்து நிற்கிறது. விமான டிக்கெட் இன்னும் சேரவில்லை.

விசா இல்லை என்றதும் இணையத்தில் பணம் கட்டுவது

மாலத்தீவுக்குள் நுழையப் பயணிகள் நிரப்ப வேண்டிய `IMUGA` படிவம் இலவசம். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் அரசுத் தளத்திலேயே நிரப்பலாம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் குழந்தை என்று எழுதுவது

பல ரிசார்ட்டுகளில் 12 முடிந்தால் பெரியவர் கட்டணம். வயதைப் பயண நாளில் பார்ப்பார்கள், பதிவு செய்த நாளில் அல்ல.

பெட்டி

கடல் விமானத்தில் பெரும்பாலும் 20 கிலோ பெட்டி, 5 கிலோ கைப்பை. பெங்களூரிலிருந்து வந்த விமானத்தில் எவ்வளவு அனுமதித்தார்கள் என்பது இங்கே செல்லாது. கூடுதல் எடைக்குக் கிலோ கணக்கில் கட்ட வேண்டும். வழியில் டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய மதுபாட்டில் மாலே சுங்கத்திலேயே தங்கிவிடும்.

டிப்ஸ்

பில்லில் 10 சதவீதம் ஏற்கெனவே இருக்கிறது. மேலே கொடுப்பது உங்கள் விருப்பம். பெங்களூரில் பணம் மாற்றும்போதே 1, 5 டாலர் தாள்களைக் கேட்டு வாங்குங்கள். நூறு டாலர் தாளை நீட்டிச் சில்லறை கேட்க முடியாது.

டிசம்பர் கடைசி வாரம்

24ஆம் தேதியும் 31ஆம் தேதியும் பல ரிசார்ட்டுகளில் கட்டாய விருந்துக் கட்டணம், தலைக்கு. சாப்பிடாவிட்டாலும் கட்ட வேண்டும். தேதியை மாற்றுங்கள்.

டி.சி.எஸ். பிடித்ததைச் செலவில் எழுதுவது, அல்லது மறந்தே போவது

இங்கேயுள்ள ஏஜென்ட்டிடம் பேக்கேஜாக வாங்கினால் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அது போனது போனதுதான். அதோடு டி.சி.எஸ். என்று வருமான வரித்துறைக்காக ஒரு தொகையையும் பிடிப்பார்கள். அது செலவல்ல, உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். ஆனாலும் பணம் கட்டும் அன்று கையில் இருந்தாக வேண்டும். விகிதத்தைப் பட்ஜெட்டில் மாற்றிக்கொண்டே இருப்பதால் அன்றைய விகிதத்தைக் கேளுங்கள். பில் யார் பெயரில், யாருடைய பான் எண்ணில் என்பதையும் பாருங்கள். வருமானமே இல்லாத அம்மாவின் பான் எண்ணைக் கொடுத்துவிட்டால், அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க அம்மா பெயரில் கணக்கு தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

வீட்டிலிருந்து விமான நிலையம்

எலக்ட்ரானிக் சிட்டி ஊரின் ஒரு கோடி, விமான நிலையம் மறு கோடி. போகவர இரண்டு கேப், சாதஹள்ளி டோல். பெட்டி குறைவென்றால் வாயு வஜ்ரா பஸ்.