பெண் செய்தியாளர் மீது இணையத் தாக்குதல்: அது தொடங்கும் இரவில் செய்தியறை செய்யும் தவறுகள்

வெள்ளிக்கிழமை மாலை, ஓர் ஒப்பந்த முறைகேடு பற்றிய செய்தி வெளியாகிறது. எழுதியவர் ஒரு பெண். இரவு ஒன்பது மணிக்கு, பல லட்சம் பேர் பின்தொடரும் ஒரு கணக்கில் அவருடைய புகைப்படமும், ஏழு ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய ஒரு பதிவின் ஸ்கிரீன்ஷாட்டும் வருகின்றன. பதினோரு மணிக்குள் ஆயிரக்கணக்கான வசைகள் குவிந்துவிடுகின்றன. செய்தியில் சொல்லப்பட்ட தொகையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவர் உடலைப் பற்றியும், அவர் யாரோடு பழகுகிறார் என்பதைப் பற்றியும்தான் பேச்சு. ஒன்றரை மணிக்கு அவருடைய கைப்பேசி எண் வெளியாகிறது. விடிவதற்குள் அவர் மகள் படிக்கும் பள்ளியின் பெயரும் வந்துவிடுகிறது.

இது பல தாக்குதல்களில் திரும்பத் திரும்ப வரும் படிகளைக் கோத்து நான் எழுதிய சூழல். ஆனால் படிகள் கற்பனை அல்ல. 2018 ஏப்ரலில் இந்தியச் செய்தியாளர் ராணா அய்யூப்புக்கு நடந்ததும் ஏறக்குறைய இப்படித்தான். முதலில் அவர் சொல்லாததை அவர் சொன்னதாகக் காட்டும் போலிப் பதிவுகள் வந்தன. பிறகு அவர் முகத்தை ஒட்டிய ஆபாசக் காணொளி பரவியது. அதன் பின் அவருடைய தொலைபேசி எண் வெளியானது. அடுத்த மாதம் ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் அவருக்குப் பாதுகாப்பு தரும்படி வெளிப்படையாகக் கோர வேண்டியிருந்தது. ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு ஏணி என்பதால், ஒன்பது மணிக்கும் விடியலுக்கும் இடையில் செய்தியறை என்ன செய்கிறது என்பதே முக்கியம்.

“கண்டுகொள்ளாதே” என்ற அறிவுரை

நம் சூழலில் வரும் செய்தியாளர் பத்து மணிக்குச் செய்தி ஆசிரியரை அழைக்கிறார். “போனை அணைத்துவிட்டுத் தூங்கும்மா, இரண்டு நாளில் அடங்கிவிடும்” என்று பதில் வருகிறது. அக்கறையோடு சொல்லப்பட்ட சொல்தான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில், அலுவலகப் பணியால் வந்த ஆபத்து அவருடைய சொந்தப் பிரச்சினையாகிவிடுகிறது. அவர் தூங்கப் போனால், ஒன்றரை மணிக்கு எண் வெளியானதை யார் பார்ப்பார்கள்?

யுனெஸ்கோவும் பன்னாட்டுச் செய்தியாளர் மையமும் 2020 இல் நடத்திய ஆய்வில் பதிலளித்த பெண் செய்தியாளர்களில் 73 சதவீதம் பேர் இணைய வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். விரும்பி முன்வந்தவர்கள் பதிலளித்த ஆய்வு அது. எல்லாப் பெண் செய்தியாளர்களுக்கும் அந்த எண் அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. எனக்கு அதைவிட உறுத்தும் எண் வேறு: தங்களுக்கு நேர்ந்ததை நிறுவனத்திடம் சொன்னவர்கள் 25 சதவீதம் மட்டுமே. சொன்னவர்களிலும் சிலருக்குப் பதிலே கிடைக்கவில்லை. சிலருக்கு “மனதைத் திடப்படுத்திக்கொள்” என்ற அறிவுரை கிடைத்தது. “நீ என்ன செய்து அவர்களைத் தூண்டினாய்?” என்று கேட்கப்பட்டவர்களும் உண்டு. அப்படி ஒரு முறை கேட்டுவிட்டால் போதும், அந்தப் பெண் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற பெண்களும் திறக்க மாட்டார்கள்.

ஆசிரியர் அப்போது சொல்ல வேண்டியது வேறு. “உங்கள் கணக்கை இன்றிரவு யார் கவனிக்கலாம்? வீட்டில் யார் இருக்கிறார்கள்? நாளை எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?” என்ற மூன்று கேள்விகள் போதும். மூன்றிலும் முடிவு அவருடையது, வேலை அலுவலகத்தினுடையது.

அழித்துவிடுவதும், அவரையே சேகரிக்கச் சொல்வதும்

கேவலமான செய்தி வந்ததும் விரல் தானாக அழிக்கப் போகும். கணக்கைத் தடுப்பதும் அப்படியே. இரண்டும் இயல்பு, ஆனால் பதிவு எடுப்பதற்கு முன் செய்தால் சான்று கைவிட்டுப் போகலாம். காவல்துறையிடமும் தளங்களிடமும் போகும்போது, வசைச் சொல்லை மட்டும் வெட்டியெடுத்த ஒரு படம் அதிகம் உதவாது. முழுத் திரையும் தெரிய வேண்டும். பதிவின் இணைய முகவரி, கணக்கின் பெயர், நாள், நேரம், நேர மண்டலம், பதிவெடுத்தவர் பெயர் ஆகியவை ஒரே அட்டவணையில் இருக்க வேண்டும். கணக்கின் பெயரை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம் என்பதால், தளம் அந்தக் கணக்குக்குத் தந்திருக்கும் மாறாத எண்ணையும் கிடைத்தால் குறித்துக்கொள்வது நல்லது. மின்னஞ்சலாக வந்தால் மூல மின்னஞ்சலையே வைத்திருக்க வேண்டும். வேறொருவருக்கு அனுப்பிய பிரதியில் அது வந்த வழியைக் காட்டும் தலைப்புத் தகவல்கள் பெரும்பாலும் இருக்காது.

இந்த அட்டவணையை அவரே நிரப்ப வேண்டும் என்று கேட்பது பெரிய தவறு. தன்னை வன்புணரப் போவதாக எழுதியிருப்பதை ஒரு முறை படித்தவரை, வரிசை எண் போட்டு மறுபடியும் படிக்கச் சொல்வதாகும் அது. வேறு இருவர் மாறி மாறிச் செய்யட்டும், ஒருவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம். சமூக ஊடகப் பிரிவின் இளையவரிடம், பெரும்பாலும் அவரும் ஒரு பெண்ணாகவே இருப்பார், இதைத் தள்ளிவிட்டு மறந்துபோகும் வழக்கமும் இருக்கிறது. படிப்பவருக்கும் காயம் படும். அவருக்கும் ஓய்வும் பேச ஓர் ஆளும் வேண்டும்.

பதிவெடுத்த பிறகு, தடுப்பதைவிட ஒலியடக்குவது, அதாவது அந்தக் கணக்கின் பதிவுகள் நம் கண்ணில் படாமல் மறைத்துவைப்பது, சில நேரங்களில் மேல். தடுக்கப்பட்டவர் அதைப் படமெடுத்து வெற்றிச் சின்னமாகப் பரப்புவார். ஒலியடக்கியது அவருக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் ஒரே குப்பையாகப் பார்ப்பது

ஐயாயிரம் வசைகள் நடுவே உண்மையான ஆபத்து ஐந்தில் இருக்கலாம். அவற்றைப் பிரித்தெடுக்காமல் “ட்ரோல்கள்தானே” என்று மொத்தமாக ஒதுக்கும் செய்தியறை அந்த ஐந்தையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகிறது. வெறும் இழிசொல் ஒரு குவியல். “உன்னை விட மாட்டோம்” போன்ற, விவரமற்ற மிரட்டல் இன்னொன்று. இடம், நேரம், வழி என ஏதாவது ஒரு விவரத்தோடு வரும் மிரட்டல் மூன்றாவது. வீட்டு முகவரி, எண், பிள்ளையின் பள்ளி ஆகியவை வெளியாவதும், போலி ஆபாசப் படமும், கணக்கைக் கைப்பற்றும் முயற்சியும் மூன்றாவதில்தான் சேரும். மூன்றாவது குவியலில் ஒன்று விழுந்தாலும் அன்றிரவே காவல்துறைக்குத் தகவல் போக வேண்டும். நம் சூழலில் எண் வெளியான ஒன்றரை மணியே அந்த நேரம், பள்ளியின் பெயர் வந்தபோது அது இன்னும் அவசரம். காலையில் ஆசிரியர் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால், பள்ளி வாசலில் மகளை இறக்கிவிடும் நேரம் கடந்துபோயிருக்கும்.

அதே ஆய்வில் ஐந்தில் ஒருவர், இணையத் தாக்குதலோடு தொடர்புடைய துன்புறுத்தலை நேரிலும் சந்தித்ததாகச் சொன்னார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

எண் வெளியானதும் செய்ய வேண்டிய இரண்டு சிறு வேலைகள் அடிக்கடி விட்டுப்போகின்றன. தொலைபேசி நிறுவனத்தை அழைத்து, நேரில் வந்து அடையாளம் காட்டாமல் சிம் மாற்றித் தரக்கூடாது என்று சொல்ல வேண்டும். கணக்குகளின் இரண்டாம் சரிபார்ப்பைக் குறுஞ்செய்தியிலிருந்து செயலிக்கு மாற்ற வேண்டும். சிம் திருடப்பட்டால் குறுஞ்செய்தியில் வரும் குறியீடு திருடனுக்கே போகும். அந்தரங்கப் படமோ அப்படித் தோன்றும் போலிப் படமோ பரவினால் StopNCII.org என்ற தளம் உதவும். படம் அவருடைய கருவியை விட்டு வெளியே போகாது. படத்திலிருந்து கணக்கிட்ட ஓர் எண் அடையாளம் மட்டும் பங்கேற்கும் தளங்களுக்குப் போய், அதே படம் அங்கு ஏற்றப்பட்டால் அடையாளம் காண உதவும். பங்கேற்காத தளங்களில் இது செல்லாது.

அறிக்கையில் நழுவுவது

சனிக்கிழமை மதியம் நிறுவனம் ஓர் அறிக்கை விடுகிறது: “எங்கள் செய்தியாளர் குறித்து எழுந்துள்ள கவலைகளை ஆராய்ந்து வருகிறோம்.” இதை எழுதியவர் நடுநிலையாக இருப்பதாக எண்ணியிருப்பார். தாக்குபவர்கள் அதை அரைச் சரணாகதியாகப் படிப்பார்கள், அடுத்த அலை இன்னும் பெரிதாக வரும். செய்தி சரி என்றால், செய்தியின் பின்னால் நிற்கிறோம், எழுதியவருக்கு வந்த மிரட்டல்களைப் புகாராகக் கொடுத்திருக்கிறோம் என்று மட்டும் சொன்னால் போதும். அவதூறையும் ஹேஷ்டேக்கையும் மறுபடி எழுதக் கூடாது. தாக்கிய கணக்குக்கு இணைப்புத் தரவும் கூடாது. வெளியிடும் முன் அவருடைய ஒப்புதல் வேண்டும்.

செய்தியில் உண்மையிலேயே ஒரு பிழை இருந்தால்? வழக்கமான திருத்தமாக, வழக்கமான இடத்தில், தனியாக வெளியிட வேண்டும். திருத்தத்தையும் மிரட்டலையும் ஒரே அறிக்கையில் கலந்தால், மிரட்டியது பலித்தது என்ற பாடம்தான் வெளியே போகும்.

“பாதுகாப்புக்காக” அவரை அந்தத் துறையிலிருந்து மாற்றுவதும் அப்படியே. அவர் கேட்டால் மாற்றலாம். கேட்காமல் மாற்றினால், தாக்கியவர்கள் விரும்பியதை நிறுவனமே செய்து தருகிறது. பழைய பதிவைக் காட்டி, சமூக ஊடக விதிமீறல் என்று விளக்கம் கேட்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. அந்தக் கடிதம் கையில் கிடைத்த நாளை எந்தப் பெண்ணும் மறப்பதில்லை.

சங்கம் கண்டன அறிக்கையோடு நிற்பது

கண்டனம் வேண்டும்தான். ஆனால் சங்கத்தின் பலம் ஒப்பந்த மேசையில் இருக்கிறது. 2019 இல் ஏற்கப்பட்டு 2021 இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 190 ஆம் உடன்படிக்கை, பணி சார்ந்த தகவல்தொடர்பு வழியாக நடக்கும் துன்புறுத்தலையும் பணியிட வன்முறையாகவே எண்ணுகிறது. வெளியாட்கள் செய்வதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை என்றாலும், சங்கம் தன் வாதத்தை அதன் மேல் கட்டலாம். “சமூக ஊடகத்தில் செயல்படுவது என் பணி என்றால், அங்கே வரும் மிரட்டல் என் பணியிட விபத்து” என்ற ஒரு வாக்கியத்தைக் கூட்டு ஒப்பந்தத்தில் ஏற்றிவிட்டால் மீதி அதிலிருந்து வரும்: புகார் கொடுக்கச் செலவாகும் நேரம் ஊதியத்தோடு, வழக்கறிஞர் செலவும் சில நாள் வேறிடத்தில் தங்கும் செலவும் நிறுவனத்தின் பொறுப்பில்.

அதில் பகுதிநேரச் செய்தியாளர்களை விட்டுவிடுவதுதான் சங்கங்களின் பழைய குறை. அவர்களுக்குத் தொலைபேசியில் அழைக்க ஓர் ஆசிரியர்கூட இருக்க மாட்டார். தாக்குபவர் அதே நிறுவனத்தின் சக ஊழியராக இருந்தால், புகாரை ஆசிரியரைத் தாண்டிச் சங்கத்திடமே கொடுக்கும் வழியும் வேண்டும்.

நெதர்லாந்தில் 2019 இல் தொடங்கிய பெர்ஸ்ஃபெய்லிக் என்ற ஏற்பாட்டில் செய்தியாளர் சங்கமும் தலைமை ஆசிரியர்களும் காவல்துறையும் அரசு வழக்குத் தொடுப்புத் துறையும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். செய்தியாளர் புகார் கொண்டுவந்தால் யாரிடம் போவது, அது எப்படிக் கையாளப்படும் என்பதை மிரட்டல் வரும் முன்பே பேசி முடித்துக்கொள்வதே அதன் பயன். நள்ளிரவில் காவல் நிலைய மேசையில், “இணையத்தில் வந்ததற்கு நாங்கள் என்ன செய்வது?” என்ற கேள்விக்கு ஒரு பெண் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிராது.

ஒரு வாரத்தில் அலை வடியும். அட்டவணையை மூடிவிட வேண்டாம். அதே முறைகேட்டின் இரண்டாம் பகுதி வெளியாகும் நாளில், அதே கணக்கு அதே புகைப்படத்தோடு திரும்ப வரக்கூடும். அந்தச் செய்தியை வெளியிடும் முந்தைய நாள், பள்ளியிடமும் காவல்துறைத் தொடர்பாளரிடமும் ஆசிரியர் பேசிவிட்டு, அன்றிரவு கணக்கைக் கவனிக்கப்போகும் இருவரின் பெயரை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.